செம்மரம் வெட்டியவருக்கு எவ்வளவு தண்டனை? கட்டுரை எழுதுவோர் கேட்கும் கேள்விகள்

"மூணு கோட்பாட்டையும் விளக்கி, நிறை குறை எழுதி, கடைசியில் 'மூன்றும் சேர்ந்ததே சிறந்தது'ன்னு முடிக்கிறேன் சார். ஏன் பாதி மார்க்தான் வருது?"

நீங்கள் எழுதியது விளக்கம். கட்டுரை கேட்பது வாதம். குற்றத்துக்குத் தகுந்த தண்டனை, பயமுறுத்தித் தடுப்பது, திருத்துவது என்ற மூன்றையும் ஒரே கேள்விக்குப் போட்டியிடும் மூன்று விடைகளாக எடுத்துக்கொண்டால், யாருக்கு வெற்றி என்று தீர்ப்புச் சொல்லவேண்டி வரும். தீர்ப்புச் சொல்லத் தயங்கி 'மூன்றும் வேண்டும்' என்று முடித்துவிடுகிறோம்.

ஹெச்.எல்.ஏ. ஹார்ட் என்ற சட்டத் தத்துவ அறிஞர் 1959-ல் இந்தச் சிக்கலை அவிழ்த்தார். தண்டனை பற்றிக் கேட்கப்படுவது ஒரு கேள்வி அல்ல, மூன்று என்றார். சமூகம் தண்டனை என்ற ஏற்பாட்டையே ஏன் வைத்திருக்கிறது? யாரைத் தண்டிக்கலாம்? எவ்வளவு தண்டிக்கலாம்? ஒருவர் முதல் கேள்விக்குத் 'குற்றம் குறையத்தான்' என்றும், இரண்டாவதற்குக் 'குற்றம் செய்தவரை மட்டும்தான்' என்றும் பதில் சொல்லலாம். இரண்டும் வேறு வேறு கோட்பாடுகளிலிருந்து வருகின்றன, ஆனாலும் முரண்பாடு இல்லை. கடத்தல்காரர் தலைமறைவு, அவருடைய தம்பியைப் பிடித்து உள்ளே வைத்தால் அவர் பயந்து சரணடையலாம். பலன் இருந்தாலும் அதைச் செய்யக்கூடாது என்கிறோம். ஏனென்றால் தம்பி எதுவும் செய்யவில்லை. அந்த 'ஏனென்றால்' பயமுறுத்தும் கோட்பாட்டிலிருந்து கிடைக்காது.

ஆகவே கட்டுரையின் முதல் பத்தியிலேயே இந்த மூன்று கேள்விகளில் எதற்குப் பதில் தேடுகிறீர்கள் என்று சொல்லிவிடுங்கள். நான் மாணவர்களுக்குச் சொல்வது மூன்றாவதை எடுக்கச் சொல்லித்தான். 'எவ்வளவு' என்று கேட்டால்தான் கோட்பாடுகள் உண்மையில் மோதிக்கொள்கின்றன.

"உதாரணத்துக்கு எப்பவும் தூக்கு தண்டனைதான் எழுதுறோம். வேற எடுக்கலாமா?"

எடுங்கள். தூக்கு தண்டனை வாதம் உயிர், மதம், தவறான தீர்ப்பு என்று பல திசைகளில் இழுத்துக்கொண்டு போய்விடும். திருப்பதி, புத்தூர், நகரி, சித்தூர்ப் பக்கம் இருக்கும் நமக்கு வீட்டு வாசலிலேயே ஒரு வழக்கு இருக்கிறது: செம்மரம்.

தெலுங்கில் எர்ரசந்தனம் என்று சொல்லப்படும் இந்த மரம் கிழக்குத் தொடர்ச்சி மலையின் தெற்குப் பகுதியில்தான் இயற்கையாக வளர்கிறது. சேஷாசலம் அதன் முக்கியமான காடு. மரத்தின் உள்வைரம் சிவந்து முதிரப் பல பத்தாண்டுகள் ஆகும். அதற்குச் சீனாவிலும் ஜப்பானிலும் வாங்க ஆள் இருக்கிறார்கள். வெட்டுவதற்கு ஆள் வருவது பெரும்பாலும் தமிழ்நாட்டு மலைக்கிராமங்களிலிருந்து. ஜவ்வாது மலை, கல்வராயன் மலைப் பக்கம். இடைத்தரகர் முன்பணம் கொடுத்துக் கூட்டிவருகிறார். மரம் கைமாறிக் கைமாறித் துறைமுகம் வரை போகிறது. வெட்டியவர் கையில் நிற்பது கூலி மட்டும்.

2015 ஏப்ரல் 7-ஆம் தேதி சந்திரகிரி மண்டலக் காட்டுக்குள் இருபது தமிழ்த் தொழிலாளர்கள் காவல்துறையால் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அடுத்த ஆண்டு, 2016-ல், ஆந்திர அரசு வனச்சட்டத்தைத் திருத்தி, செம்மரக் குற்றங்களுக்கான சிறைக்காலத்தையும் அபராதத்தையும் கூட்டியது. ஆக, தண்டனையைக் கூட்டினால் என்ன ஆகும், யாருக்கு எவ்வளவு நியாயம் என்ற இரண்டு கேள்விகளும் ஒரே வழக்குக்குள் கிடைக்கின்றன.

கட்டுரைக்காக ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். முப்பது வயது, மலைக்கிராமம், முன்பு எந்த வழக்கும் இல்லை. முன்பணம் வாங்கிக் காட்டுக்குள் வந்து, ஒரு மரம் வெட்டி, கட்டையைத் தோளில் சுமந்து இறங்கும்போது பிடிபட்டார். யாரையும் அவர் தாக்கவில்லை. இவருக்கு எவ்வளவு?

"தகுந்த தண்டனைன்னாலே பழிவாங்குறதுதானே? அதை எப்படி நியாயம்னு எழுதுறது?"

பழிவாங்குவதற்கு உள்ளே ஒரு அளவு கிடையாது. புண்பட்டவரின் கோபம் எங்கே தணிகிறதோ அங்கேதான் அது நிற்கும். தகுதண்டனைக் கோட்பாட்டின் அளவு செய்த குற்றத்திலேயே இருக்கிறது. புண்பட்டவர் மன்னித்தாலும் குற்றம் சிறியதாகாது. அவர் கொதித்தாலும் பெரியதாகாது. 'கண்ணுக்குக் கண்' என்ற பழைய விதியைக்கூட ஒரு கண்ணுக்கு மேல் கேட்காதே என்ற தடையாகப் படிக்க முடியும்.

இந்தக் கோட்பாட்டின் மிகக் கடுமையான வடிவம் ஜெர்மன் தத்துவ அறிஞர் காண்ட் 1797-ல் எழுதியது. ஒரு தீவு மக்கள் எல்லாரும் கலைந்து போக முடிவு செய்தாலும், சிறையில் இருக்கும் கடைசிக் கொலைகாரனைத் தண்டித்துவிட்டுத்தான் போக வேண்டும் என்றார். அந்தத் தண்டனையால் யாருக்கும் பலன் இல்லை; ஆனாலும் வேண்டும் என்றார். படிப்பவருக்குக் கசக்கும் இடம் இது. ஆனால் அதே காண்டின் இன்னொரு பாதியையும் சேர்த்து எழுதுங்கள்: பிறருக்குப் பாடம் புகட்டும் கருவியாக மட்டும் ஒரு மனிதரைப் பயன்படுத்தக்கூடாது. குற்றவாளிக்கு இந்தக் கோட்பாடு கொடுக்கும் பாதுகாப்பு அதுதான், அது பெரிய பாதுகாப்பு.

நம் ஆளுக்கு இதைப் பொருத்துவோம். தகுதியை இரண்டு விஷயங்கள் முடிவு செய்கின்றன: விளைந்த கேடு, செய்தவரின் பொறுப்பு. கேடு சின்னதல்ல, ஊருக்குப் பொதுவான காட்டில், மறுபடி வளரப் பல பத்தாண்டு பிடிக்கும் மரம் போயிருக்கிறது. பொறுப்பு என்று வரும்போது அவர் திட்டம் போட்டவர் இல்லை, வாங்குபவரைத் தெரிந்தவர் இல்லை, லாபத்தில் பங்கு உள்ளவரும் இல்லை. ஆகவே தகுதண்டனை அவரை விடுவிக்காது. ஆனால் தரகருக்கும் முதலாளிக்கும் கீழேதான் வைக்கும்.

இங்கே ஒரு கூர்மையான எதிர்வாதம் உண்டு. ஜெஃப்ரி மர்ஃபி என்ற தத்துவ அறிஞர் 1973-ல் முன்வைத்தது. எல்லாரும் சட்டத்துக்குக் கட்டுப்பட்டு நடக்கும்போது ஒருவர் மட்டும் மீறி அநியாய ஆதாயம் அடைகிறார், அந்தக் கடனைத் தண்டனையாகத் திருப்பிக் கட்டுகிறார் என்பது தகுதண்டனைக்குச் சொல்லப்படும் ஒரு பிரபலமான காரணம். மர்ஃபியின் கேள்வி: அந்தச் சமூகத்திலிருந்து எந்த ஆதாயமும் பெறாதவருக்கு என்ன கடன்? ஊரில் வேலை இல்லாமல் முன்பணத்துக்காக மலை ஏறியவரிடம் நாம் எதைத் திருப்பிக் கேட்கிறோம்? என் கருத்து, இது அவரைக் குற்றமற்றவராக்கவில்லை. அரசு அவரிடம் கேட்கக்கூடிய அளவைக் குறைக்கிறது. நீங்கள் வேறு முடிவுக்கு வரலாம். ஆனால் இந்தக் கேள்வியைத் தாண்டாமல் எழுதிய தகுதண்டனை வாதம் பாதி வாதம்தான்.

இந்தக் கோட்பாட்டின் உண்மையான பலவீனம், அது வரிசை சொல்லும், எண் சொல்லாது என்பது. கூலியாளுக்கு முதலாளியைவிடக் குறைவு என்று சொல்லும். இரண்டு ஆண்டா, ஐந்து ஆண்டா என்று கேட்டால் அதனிடம் பதில் இல்லை.

"தண்டனையைக் கூட்டினா பயம் வரும், குற்றம் குறையும். இது சிம்பிள் லாஜிக் இல்லையா?"

பெக்காரியா என்ற இத்தாலியர் 1764-லேயே இதை மறுத்தார். தண்டனையின் கடுமையைவிட, பிடிபடுவது நிச்சயம் என்ற எண்ணமே மனிதரைத் தடுக்கிறது. தண்டனை சீக்கிரம் வந்தால் இன்னும் தடுக்கும் என்றார். அவருக்குப் பின் வந்த ஆங்கிலேயத் தத்துவ அறிஞர் பெந்தம் இதைக் கணக்காகவே போட்டார். நாமும் போட்டுப் பார்ப்போம். எண்கள் எல்லாம் வாதத்துக்காக நான் வைத்துக்கொண்டவை.

நூறு பேர் காட்டுக்குள் போனால் ஐந்து பேர் பிடிபட்டுத் தண்டனை பெறுகிறார்கள், ஆளுக்கு இரண்டு ஆண்டு என்று வையுங்கள். போகலாமா என்று யோசிப்பவர் சுமக்கும் சராசரிச் செலவு நூறு பேருக்குப் பத்து ஆண்டு, அதாவது ஆளுக்கு ஏறக்குறைய முப்பத்தாறு நாள் சிறை. இதை ஆறு மாதமாக்க இரண்டு வழி. தண்டனையைப் பத்து ஆண்டாக்கலாம். அல்லது இரண்டு ஆண்டாகவே விட்டுவிட்டு, பிடிபடுவோரை ஐந்திலிருந்து இருபத்தைந்தாக்கலாம். காகிதத்தில் இரண்டும் ஒன்று.

மனிதரிடம் ஒன்றல்ல. இரண்டாம் ஆண்டு தரும் பயத்தை ஒன்பதாம் ஆண்டு தருவதில்லை. தூரத்தில் இருப்பது சின்னதாகத் தெரியும். வாரக் கடைசியில் கந்துக்காரர் வாசலில் நிற்பார் என்பது பக்கத்தில் தெரியும். மேலும், சட்டம் திருத்தப்பட்ட செய்தி மலைக்கிராமத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். 'போன தடவை போனவன் திரும்பி வந்துட்டான்' என்ற பேச்சு அங்கே சட்டத்தைவிட வேகமாகப் போகிறது. குற்றவியல் ஆய்வுகள் பொதுவாகச் சொல்வதும் இதையே: பிடிபடும் வாய்ப்பு கூடினால் விளைவு தெரிகிறது, ஏற்கெனவே நீண்ட தண்டனையை இன்னும் நீட்டினால் கிடைப்பது மிகக் குறைவு.

கட்டுரைகளில் நான் பார்க்காத இன்னொரு விஷயம் உண்டு. இந்த வழக்கில் அதுதான் முக்கியம். பிடிபட்ட கூலியாளின் இடத்துக்கு அடுத்த வாரமே வேறொருவர் வந்துவிடுகிறார். முன்பணம் வாங்கத் தயாராக ஆள் இருக்கும்வரை ஒருவரை எத்தனை ஆண்டு உள்ளே வைத்தாலும் மரம் வெட்டுவது நிற்பதில்லை. வாங்குபவரைத் தெரிந்து, வண்டி ஏற்பாடு செய்து, பொய்ச் சரக்குக் காகிதத்தோடு துறைமுகம் வரை கொண்டுபோகத் தெரிந்த ஆளுக்கு அவ்வளவு எளிதில் மாற்று கிடைக்காது. லாப நட்டம் பார்த்து முடிவெடுப்பவரும் அவர்தான். ஆக, பயமுறுத்தும் கோட்பாட்டை உண்மையாக நம்புகிறவர் கூலியாளின் தண்டனையைக் கூட்டக் கேட்கமாட்டார். பணம் போகும் வழியைப் பிடித்து மேலே இருப்பவரை நிச்சயமாகப் பிடியுங்கள் என்று கேட்பார். ஒரு கோட்பாட்டை ஏற்றுக்கொண்டே அதன் பெயரால் சொல்லப்படும் முடிவை மறுப்பது நல்ல வாதத்தின் அடையாளம். இந்த இடத்தில் அதைச் செய்துகாட்டலாம்.

கடுமை கூடும்போது, தண்டனை கிடைக்கும் என்ற நிச்சயம் குறையும் என்பதற்கும் சான்று வேண்டுமானால் பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தைச் சொல்லுங்கள். வீட்டுக்குள் நாற்பது ஷில்லிங் மதிப்புள்ள பொருளைத் திருடினால் தூக்கு. உயிரை எடுக்க மனம் வராத ஜூரிகள், திருடுபோன பொருள் முப்பத்தொன்பது ஷில்லிங்தான் பெறும் என்று தீர்ப்பெழுதினார்கள். சட்டத்தில் கடுமை இருந்தது, நீதிமன்றத்தில் அது கரைந்துபோனது.

கூலியாளுக்கும், வனக்காவலரை வெட்டியவருக்கும் கிட்டத்தட்ட ஒரே தண்டனை என்று வைத்தால் இன்னொரு ஆபத்தும் வரும். மாட்டிக்கொண்டவர் கோடரியைக் கீழே போட அவருக்கு எந்தக் காரணமும் இருக்காது.

"அப்போ என்கவுன்டர்? அதுதான் நிச்சயமாவும் சீக்கிரமாவும் கிடைக்கிற தண்டனைன்னு என் ஃப்ரெண்ட் எழுதினான்."

அது தண்டனையே இல்லை. தண்டனை என்றால் ஒரு விதி மீறப்பட்டிருக்க வேண்டும், மீறியவர் இவர்தான் என்று அதிகாரமுள்ள ஓர் அமைப்பு விசாரித்துக் கண்டிருக்க வேண்டும், அந்த மீறலுக்காகவே தண்டனை விதிக்கப்பட வேண்டும். 2015-ல் நடந்ததில், தங்களைத் தாக்கியதால் சுட்டோம் என்று காவல்துறை சொன்னது. முன்பே பிடித்துவைத்துச் சுட்டார்கள் என்று குடும்பத்தினரும் மனித உரிமை அமைப்புகளும் சொன்னார்கள். எதை ஏற்றாலும், இறந்தவர்களில் யார் எதைச் செய்தார் என்று எந்த நீதிமன்றமும் கேட்டிருக்கவில்லை. முதல் கூற்று உண்மையானால் அது தற்காப்பு. இரண்டாவது உண்மையானால் கொலை. தண்டனைக் கோட்பாடு எதற்கும் இதில் இடமில்லை. உங்கள் நண்பர் 'நிச்சயம்' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டார். பெக்காரியா கேட்டது குற்றம் செய்தவர் தப்பமாட்டார் என்ற நிச்சயத்தை. காட்டுக்குள் இருந்தவர் எவரும் சாகலாம் என்ற நிச்சயத்தை அவர் கேட்கவில்லை.

"ஜெயில்ல தொழில் கத்துக் கொடுத்தா திருந்திடுவாங்கன்னு எழுதலாமா?"

'திருந்திடுவாங்க' என்று எழுதாதீர்கள்; சான்று அவ்வளவு தூரம் வராது. அமெரிக்காவில் ராபர்ட் மார்ட்டின்சன் 1974-ல் பல திருத்தத் திட்டங்களை அலசி, பெரிதாகப் பலன் தெரியவில்லை என்று எழுதினார். அரசியல்வாதிகள் அதை 'எதுவும் பலிக்காது' என்று பிடித்துக்கொண்டார்கள். 1979-ல் அவரே சில திட்டங்கள் பலன் தருகின்றன என்று தன் முடிவைத் தளர்த்தினார். எது, யாருக்கு, எந்த நிலையில் பலிக்கிறது என்று கேட்பதுதான் சரி.

நம் நாட்டில் இந்தக் கோட்பாட்டுக்குக் கிடைத்த வலுவான குரல் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர். பாலக்காட்டு வைத்தியநாதபுரத்தில் பிறந்தவர், 1957-ல் கேரள அமைச்சரவையில் சிறைத்துறையும் பார்த்தவர், தானே சிறையில் இருந்தவர். நமக்குப் பக்கத்து வழக்கும் ஒன்று உண்டு: ஆந்திரப் பிரதேச அரசுக்கு எதிரான கியாசுதீன் வழக்கு, 1977. வேலை வாங்கித் தருவதாகச் சொல்லிப் பணம் பறித்த இளைஞரின் வழக்கு. கிருஷ்ணய்யர் சிறைக்காலத்தைக் குறைத்ததோடு நிற்கவில்லை; சிறைக்குள் அவருக்கு எப்படிப்பட்ட வேலை தர வேண்டும் என்பதையும் தீர்ப்பில் சேர்த்தார்.

இதை நம் ஆளுக்குப் பொருத்தும்போது கவனம் வேண்டும். திருத்தம் என்பது ஆளிடம் ஏதோ கோணல் இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு தொடங்குகிறது. கியாசுதீன் வழக்கில் ஏமாற்றும் புத்தி இருந்தது, அதைத் திருத்தலாம். செம்மரக் கூலியாளிடம் இருப்பது உழைக்கத் தெரிந்த உடம்பும் கூலி இல்லாத ஊரும். தையல் கற்றுக்கொடுத்து அதே ஊருக்கு அனுப்பினால், தைக்கக் கொடுக்க அங்கே ஆள் வேண்டும். இவர் விஷயத்தில் திருத்தம் பெரும்பாலும் சிறைக்கு வெளியேதான் நடக்க முடியும். முதல் குற்றத்தில் சிலரைச் சிறைக்கு அனுப்பாமல் கண்காணிப்பில் விட 1958-ஆம் ஆண்டின் நன்னடத்தைச் சட்டம் பொதுவாக வழி வைத்திருக்கிறது. 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதா சில சிறு குற்றங்களுக்குச் சமூக சேவையைத் தண்டனையாக்கியிருக்கிறது. இந்த எண்ணத்தை வனக்குற்றத்துக்கும் நீட்டலாமா, வெட்டிய காட்டிலேயே நாற்று நடச் செய்யலாமா என்று நீங்கள் வாதிடலாம்.

இன்னொரு எச்சரிக்கையையும் ஒரு வரியில் எழுதுங்கள்: 'திருந்தும்வரை' என்ற தண்டனைக்கு முடிவுத் தேதி கிடையாது. திருந்தினாரா என்று சொல்லும் அதிகாரம் யாரிடம் இருக்கிறதோ, அவர் கையில் அந்த மனிதரின் ஆயுள் போய்விடும். அதற்கு வரம்பு போட மறுபடி தகுதண்டனையிடம்தான் வர வேண்டும்.

"இதையெல்லாம் எந்த வரிசையில் எழுதுறது? ஒரு பத்தி எழுதிக் காட்டுங்களேன்."

வழக்கை முதலில் வையுங்கள், பிறகு உங்கள் நிலைப்பாடு. நான் எழுதினால் நிலைப்பாடு இப்படி இருக்கும்:

"முதல்முறை பிடிபட்ட செம்மரக் கூலியாளுக்கு நீண்ட சிறை நியாயமல்ல. அவருடைய பங்கு சிறியது என்பதால் தகுதி ஓர் உச்சவரம்பு போடுகிறது. பிறரைப் பயமுறுத்த வேண்டும் என்பதற்காக அந்த வரம்பைத் தாண்ட அரசுக்கு உரிமை இல்லை. வரம்புக்குள் எதைத் தேர்வது என்பதைப் பலனை வைத்து முடிவு செய்யலாம். கூலியாளுக்கு மாற்று உடனே கிடைப்பதால் அவரை நெடுநாள் அடைத்து வைப்பது காட்டைக் காக்காது."

இதில் மூன்று கோட்பாடுகளும் இருக்கின்றன, ஆனால் ஒவ்வொன்றுக்கும் தனி வேலை. தகுதி வரம்பு போடுகிறது, மற்றவை வரம்புக்குள் தேர்ந்தெடுக்கின்றன. எழுதி முடித்ததும் ஒரு சோதனை செய்யுங்கள். 'செம்மரம்' என்ற இடங்களில் 'லஞ்சம்' என்று மாற்றிப் படித்துப் பாருங்கள். கட்டுரை அப்படியே பொருந்தினால் நீங்கள் இன்னும் வழக்குக்குள் நுழையவில்லை.

"ஆரம்பத்துல குறள் போடலாமா?"

போடலாம், அது வேலை செய்யவேண்டும். எல்லாரும் பயிரையும் களையையும் சொல்லும் 550-ஆம் குறளைப் போடுகிறார்கள். அது கொடியவர்களை ஒறுப்பது பற்றியது, நம் கூலியாளுக்குப் பொருந்தாது. 561-ஐ எடுங்கள்:

தக்காங்கு நாடித் தலைச்செல்லா வண்ணத்தால்
ஒத்தாங்கு ஒறுப்பது வேந்து.

தகுந்தபடி விசாரிப்பது, மறுபடி நடக்காமல் தடுப்பது, குற்றத்துக்கு ஒத்த அளவில் ஒறுப்பது என்று உங்கள் கட்டுரையின் மூன்று கணுக்களும் இதில் இருக்கின்றன. தடுப்பதும் ஒத்த அளவும் மோதினால் எது விட்டுக்கொடுக்க வேண்டும் என்பதைக் குறள் சொல்லவில்லை. அங்கிருந்து உங்கள் வாதத்தைத் தொடங்குங்கள்.

"எதிர்வாதம் எழுதினா என் வாதம் பலவீனமாகாதா?"

பலவீனமான எதிர்வாதத்தை எழுதினால்தான் பலவீனமாகும். 'சிலர் கடும் தண்டனை வேண்டும் என்பர், அது தவறு' என்று எழுதி நகராதீர்கள். எதிர்த் தரப்பின் சிறந்த வழக்கறிஞர் என்ன சொல்வார் என்று பாருங்கள். அவர் சொல்வார்: "கூலியாளுக்கு லேசான தண்டனை என்று தெரிந்தால் தரகர் அதையே சொல்லி ஆள் பிடிப்பார். 'மாட்டினாலும் ரெண்டு மாசம்தான்' என்பார். உங்கள் கருணை அவருக்கு முதலீடு."

இது பலமான வாதம், மழுப்ப முடியாது. பதிலாக இரண்டு சொல்லலாம். லேசான தண்டனை முதல் முறைக்கு மட்டும் என்றால், பழகிய கையைத் தரகர் திரும்ப அனுப்ப முடியாது. அடுத்து, தண்டனை சிறியதானாலும் பிடிபடுவது நிச்சயமானால் மரம் கீழே வந்து சேராது. சரக்கு வராத இடத்தில் தரகர் முன்பணம் போடமாட்டார். இரண்டாவது பதிலுக்குச் சோதனைச் சாவடியும் போதிய வனக்காவலர்களும் வேண்டும், அதற்கு அரசு செலவு செய்யவேண்டும். அந்தச் செலவையும் ஒத்துக்கொண்டே எழுதுங்கள். நீண்ட தண்டனையைச் சட்டத்தில் எழுதுவது அரசுக்கு மலிவு. அதன் விலையைக் கொடுப்பவர் ஜவ்வாது மலையில் இருக்கிறார்.